கார் வாங்கிய வரியும் ஊழியர் சாப்பாட்டு வரியும் எங்கே போக வேண்டும்?

"சார், வண்டி கம்பெனி பெயரில்தான் இருக்கிறது. பில்லில் நம் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறது. பிறகு ஏன் இன்புட் கிடையாது என்கிறீர்கள்?"

மார்த்தாண்டம் பக்கத்தில் முந்திரி ஆலை நடத்தும் ஒருவர் கேட்ட கேள்வி இது. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் தொழில் செய்கிற பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு வரி கட்டினால் அதை இன்புட், அதாவது உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, விற்பனைக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம் என்பது பொது விதி. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சில செலவுகளைப் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் வருகிற ஒன்றை உண்மையாகவே தொழிலுக்குப் பயன்படுத்தினாலும் வரவு கிடையாது. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வாகனம் அதில் இருக்கிறது. அந்த வாகனத்தின் காப்பீடு, சர்வீஸ், பழுதுபார்ப்பு ஆகியவையும் இருக்கின்றன. உணவு, கேட்டரிங் இரண்டும் இருக்கின்றன.

அவருடைய கணக்கை முழு எண்களாக்கிச் சொல்கிறேன். 2025 அக்டோபரில் நாகர்கோவிலில் சிறிய ரகக் கார் ஒன்று வாங்கினார். விலை 10,00,000 ரூபாய். 18 சதவீத வரி 1,80,000 ரூபாய். கச்சா முந்திரி பார்க்கத் தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்கும் அவர் அடிக்கடி போவார், கார் அதற்குத்தான். ஆலையில் ஏறக்குறைய 60 பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாடு ஒரு கேட்டரிங்காரரிடமிருந்து வருகிறது. மாதம் 40,000 ரூபாய், அதற்கு 5 சதவீதமாக 2,000 ரூபாய் வரி.

அலுவலகக் கணக்கர் GSTR-2B-ஐத் திறந்து பார்த்தார். கார் பில்லும் கேட்டரிங் பில்லும் 'வரவு கிடைக்கும்' என்ற பகுதியிலேயே நின்றன. அப்படியே எடுத்துவிட்டார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விற்றவர் பதிவேற்றிய பில்லை 2B காட்டுகிறது, அவ்வளவுதான். வாங்கியவர் அதை எதற்குப் பயன்படுத்தினார், அது 17(5)-இல் வருமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைப் பார்த்துப் பிரிக்க வேண்டியது நாம்தான்.

எல்லா வண்டிக்கும் தடை என்று எண்ணிவிடவும் கூடாது. துறைமுகத்திலிருந்து மூட்டை ஏற்றி வருகிற மினி லாரிக்கு முழு வரவு உண்டு. அது ஆளை ஏற்றும் வண்டியல்ல. தொழிலாளர்களைக் காலையில் அழைத்துவர 20 இருக்கை வேன் வாங்கினால் அதற்கும் உண்டு, ஏனென்றால் 13-ஐத் தாண்டிவிடுகிறது. கார் விற்பனையாளர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர் போன்றோருக்குக் காருக்கே விதிவிலக்கு இருக்கிறது. சாப்பாட்டில் முக்கியமான விலக்கு வேறு. ஊழியருக்கு உணவு வசதி செய்து தர வேண்டும் என்று ஏதாவது ஒரு சட்டம் கட்டாயப்படுத்தினால் வரவு எடுக்கலாம். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46 ஆம் பிரிவு 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குக் கேன்டீன் நடத்தும் கடமையை வைத்தது. பின்னர் வந்த 2020 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த வரம்பு 100. நம் முந்திரி ஆலையில் 60 பேர். அவர் சாப்பாடு போடுவது மனம் உவந்து செய்கிற காரியம். அதனாலேயே வரவு இல்லை என்பது எனக்கும் வருத்தம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சரி, திரும்பி வராத அந்த வரியைப் புத்தகத்தில் எங்கே எழுதுவது? சாப்பாட்டு வரி எளிது. 40,000 ரூபாயை ஊழியர் நலச் செலவிலும் 2,000 ரூபாயை இன்புட் கணக்கிலும் பிரித்து எழுதாமல், 42,000 ரூபாயையும் ஊழியர் நலச் செலவாகவே எழுத வேண்டும். காரின் காப்பீட்டு வரியும் சர்வீஸ் வரியும் இதே போல அந்தந்தச் செலவோடு சேர்ந்துவிடும்.

காரின் விலைக்கு விதித்த வரி மட்டும் வேறு. அதை அந்த ஆண்டே மொத்தமாகச் செலவு எழுதக் கூடாது. கார் ஒரு சொத்து. அதற்கான திரும்பாத வரி சொத்தின் விலையோடு சேரும். எனவே கார் கணக்கில் 11,80,000 ரூபாய் நிற்க வேண்டும். வருமான வரியில் காருக்குத் தேய்மானம் 15 சதவீதம். இவர் காரை அக்டோபர் 10 முதல் பயன்படுத்தினார். மார்ச் 31 வரை 173 நாள்தான் வருகிறது. 180 நாளுக்குக் குறைவென்றால் பாதித் தேய்மானம் மட்டுமே. ஆக முதல் ஆண்டில் 88,500 ரூபாய். அதில் வரியின் பங்கு 13,500 ரூபாய். மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் குறைந்துகொண்டே வரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரிப் பகுதிக்குத் தேய்மானம் எடுத்துவிட்டு அதையே இன்புட்டாகவும் எடுப்பதை ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3) பிரிவு தடுக்கிறது.

செலவாக எழுதினால் முழு வரியும் கைக்கு வந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆண்டுக்கு 24,000 ரூபாய் சாப்பாட்டு வரி செலவானால், 30 சதவீத வருமான வரி வரம்பில் இருப்பவருக்கு மிச்சமாவது 7,200 ரூபாய். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று வருமான வரிக்குக் கணக்குக் காட்டுபவருக்கு அதுவும் இல்லை. கார் விலையைப் பேசும்போதே 11,80,000 என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

ரிட்டர்னில் செய்ய வேண்டியது இதுதான். GSTR-3B-இல் 4(A) பகுதியில் 2B-இலிருந்து எல்லாம் வந்து நிற்கட்டும். தடைபட்ட தொகையை 4(B)(1)-இல் போட்டுக் கழிக்க வேண்டும். பக்கத்திலேயே 4(B)(2) இருக்கிறது. அது பிறகு திரும்ப எடுக்கக்கூடிய வரவுக்கானது. கார் வரியை அங்கே போட்டால், திரும்ப எடுக்கத் தக்க தொகையாகப் போர்ட்டலில் தனிப் பட்டியலில் நின்றுகொண்டிருக்கும். ஓராண்டு கழித்து வரும் புதிய கணக்கர் அதை நல்ல எண்ணத்தோடு எடுத்துவிடுவார். நோட்டீஸ் அதற்குப் பிறகு வரும்.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் தயங்காமல் 4(B)(1)-இல் திருப்பிவிட வேண்டும். வட்டி உண்டா என்பது, போர்ட்டலில் நம் இன்புட் வரவைக் காட்டும் மின் வரவுப் பேரேட்டின் இருப்பைப் பொறுத்தது. தவறாக எடுத்த நாளிலிருந்து திருப்பிய நாள் வரை இருப்பு 1,80,000 ரூபாய்க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், அந்த வரவு பயன்படுத்தப்படவில்லை என்று பொருள், வட்டி இல்லை. இறங்கியிருந்தால், இறங்கிய அளவுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம். முழுவதும் பயன்படுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தால் 16,200 ரூபாய். எங்கள் முந்திரி ஆலைக்காரருக்கு இறக்குமதிக்குக் கட்டிய ஜிஎஸ்டியின் வரவு நிறைய இருந்தும், மத்திய, மாநில வரிக் கணக்குகளைத் தனித்தனியாக மாதவாரியாகப் பார்த்த பிறகுதான் வட்டி எவ்வளவு என்று முடிவு செய்ய முடிந்தது.

இதைவிட அதிகமாக நான் பார்ப்பது வேறு ஒரு நிலைமை. ரிட்டர்னில் சரியாகக் கழித்துவிடுவார்கள். ஆனால் புத்தகத்தில் அந்த வரி இன்புட் கணக்கிலேயே கிடக்கும். வரவும் ஆகாது, செலவும் ஆகாது, ஆண்டுக்காண்டு இருப்பாகவே நகரும். மார்ச் 31 அன்று உங்கள் புத்தகத்தின் இன்புட் இருப்பையும் போர்ட்டலின் மின் வரவுப் பேரேட்டு இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தைப் பில் வாரியாகப் பிரியுங்கள். இன்னும் விற்பனையாளர் பதிவேற்றாத பில்களை ஒதுக்கியபின் மீதியில் கேட்டரிங், கார், கார் காப்பீடு, சர்வீஸ் பில்கள் வந்தால், ஆண்டுக் கணக்கை முடிக்கும் முன்பே அவற்றைச் செலவுக்கோ சொத்துக்கோ மாற்றிவிடுங்கள்.