அம்மணி, போன அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள்

கதை சொல்பவர் நடுவே நின்று "வாசகரே" என்று கூப்பிடுவது நமக்குப் பழகியதுதான். 'பொன்னியின் செல்வ'னின் முதல் அத்தியாயத்திலேயே கல்கி நேயர்களைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்கிறார். ஆனால் அது கதைக்குள் நம்மைக் கைபிடித்துக் கூட்டிப்போகும் அழைப்பு. ஏறி உட்கார்ந்த பிறகு ஓடத்தை மறந்துவிடுகிறோம். தான் ஒரு புனைவு என்பதைத் தானே காட்டிக்கொள்ளும் மீபுனைவில் இதே விளிப்பு வேறு வேலை செய்கிறது. ஓடத்தின் பலகையையும் ஆணியையும் தட்டிக் காட்டுகிறது.

லாரன்ஸ் ஸ்டெர்ன் எழுதிய 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' 1759 முதல் 1767 வரை ஒன்பது தொகுதிகளாக வந்த ஆங்கில நாவல். டிரிஸ்ட்ரம் தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறான். முதல் தொகுதியின் 20ஆம் அத்தியாயத்தைத் திறந்ததுமே ஒரு பெண்மணியைக் கடிந்துகொள்கிறான்: இவ்வளவு கவனமில்லாமலா படிப்பது அம்மணி, என் தாய் கத்தோலிக்கர் அல்ல என்று போன அத்தியாயத்தில் சொன்னேனே! அப்படி எதுவும் சொல்லவில்லையே என்கிறார் அவர். சரி, தண்டனையாக அந்த அத்தியாயம் முழுவதையும் திரும்பப் படித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். அவர் போயிருக்கும் நேரத்தில் நம் பக்கம் திரும்பி, கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும் தேடி ஓடும் படிப்பைத் திட்டித் தீர்க்கிறான்.

இங்கே வாசகர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த அம்மணி, கதைக்குள்ளேயே செய்யப்பட்ட பாத்திரம். இன்னொருவர் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் நாம். திட்டு அவருக்கு விழுவதால் நாம் நிம்மதியாகச் சிரிக்கிறோம். அப்புறம்தான் உறைக்கிறது, அந்த வரியை நாமும் பார்க்கவில்லையே!

அம்மணி திரும்பி வருகிறார், கண்டுபிடிக்காமல். டிரிஸ்ட்ரமே அந்த வரியைக் காட்டுகிறான்: 'எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க, நான் முதலில் பிறந்தாக வேண்டியிருந்தது.' பார்த்தால் அசட்டு வாக்கியம்தான். ஆனால் ஆபத்தான பிரசவத்தில் குழந்தைக்குக் கருவிலேயே ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகக் கத்தோலிக்க இறையியலாளர்கள் 1733இல் அதற்கு இடமுண்டு என்ற பக்கமாகக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். தாய் கத்தோலிக்கராக இருந்திருந்தால் பிறந்தாக வேண்டிய அவசியம் இருந்திருக்காது. ஆகவே அவர் கத்தோலிக்கர் அல்ல! இந்தத் துப்பை வைத்து யார்தான் பிடிப்பார்கள்? அம்மணி மேல் தப்பில்லை என்பதே என் கட்சி. முரட்டுத்தனமான விளையாட்டுதான், ஆனால் அதற்கப்புறம் எந்த வரியையும் சும்மா தாண்டிப்போக மனம் வராது.

வெறுமனே "இது கதைதான்" என்று நினைவூட்டும் விளிப்பு இரண்டாம் முறையே சலித்துவிடும். ஸ்டெர்ன் ஒவ்வொரு முறையும் வாசகருக்கு ஒரு வேலை வைக்கிறார். 6ஆம் தொகுதியில் வாட்மன் என்ற விதவையின் அழகை வர்ணிக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறார். காகிதம் இதோ இருக்கிறது, உங்கள் மனசுக்குப் பிடித்தபடி வரைந்துகொள்ளுங்கள் என்கிறான் டிரிஸ்ட்ரம். பக்கத்தைத் திருப்பினால், இப்படி ஓர் அழகு உலகில் உண்டா என்று நாம் வரையாத படத்தைப் பார்த்துச் சொக்கிப்போய் நிற்கிறான்.