ராத்திரி வந்த ‘மிஸ் யூ’வைக் காலையில் படிப்பது

திங்கட்கிழமை வருகிறவர்களில் சிலர் உட்காருவதற்கு முன்பே போனை நீட்டிவிடுவார்கள். தண்டையார்பேட்டையில் மனநல ஆலோசகராக இருக்கிற எனக்கு இது பழகிய காட்சி. அப்படி வந்த ஒரு பெண்ணைப் பற்றி, அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

வயது 26. காதல் முறிந்து ஏழு மாதம். சனி நள்ளிரவு தாண்டி 12.50க்கு அவனிடமிருந்து “மிஸ் யூ டி”. பதில் எழுதி எழுதி அழித்துவிட்டு, விடியும்வரை தூங்காமல் இருந்திருக்கிறார். “இன்னும் மறக்கலை மேடம், திரும்பி வருவானா?” என்று கேட்டார்.

பழைய மெசேஜ்களைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். நாலு மாதத்தில் ஐந்து முறை, ஐந்தும் வெள்ளி அல்லது சனி இரவு, பதினோரு மணிக்கு மேல். பகலில் ஒன்றுகூட இல்லை. இவர் பதில் போட்ட இரவுகளில் பேச்சு இரண்டு மணிவரை நீண்டிருக்கிறது, மறுநாள் “சாப்பிட்டியா” என்று கேட்டால் நீல டிக் மட்டும். அவர்கள் பிரிந்ததே அவன் தன் வீட்டில் இவரைப் பற்றிப் பேச மறுத்ததால்தான். அதைப் பற்றி எதிலும் ஒரு வார்த்தை இல்லை.

அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. குடித்திருந்தால் அந்த நேரத்து ஏக்கம் மட்டும் பெரிதாகத் தெரியும், நாளை என்ன ஆகும் என்பது மறைந்துவிடும். குடிக்காவிட்டாலும் தூக்கம் வராத, பேச ஆளில்லாத இரவு அதையே செய்யும். ஆனால் ஏக்கம் வேறு, திரும்பி வருகிற முடிவு வேறு. முடிவு எடுத்தவர் பகலிலும் பேசுவார், பிரிந்த காரணத்தைத் தானே எடுப்பார். இன்னொன்று, எப்போதாவது வருகிற மெசேஜ்தான் நம்மை அதிகம் கட்டிப்போடும். வராமலே போனால் மனசு மெல்ல ஓய்ந்துவிடும், எப்போது வரும் என்று தெரியாததால்தான் கை போனையே தேடுகிறது.

“இனிமே இருக்க மாட்டேன்” என்கிற மாதிரி வந்தால் மட்டும் காலைவரை காத்திருக்காதீர்கள். உடனே அவர் வீட்டாருக்கோ பக்கத்தில் இருக்கிற நண்பருக்கோ சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவிலும் எடுப்பார்கள்.

இது அப்படி இல்லை. அதனால் காலை 11 மணிக்கு, என் எதிரிலேயே, கோபமும் கெஞ்சலும் இல்லாமல் எழுதினார்: “மெசேஜ் பார்த்தேன். வீட்டில் பேசுவது பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் புதன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடு.” அவன் எதைச் சொல்ல வருகிறான் என்று நாம் ஊகிப்பதைவிட, தெளிவாக இருக்கிற பகல் நேரத்தில் அவனையே சொல்லவிடுவது நல்லது.

புதன் ஆறு மணிக்குத் திருவொற்றியூர் பஸ்ஸில் போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். கால் வரவில்லை. சனி இரவு 11.40க்கு “தூங்கிட்டியா” வந்தது. அதை அவர் ஞாயிறு காலை ஏழு மணிக்குத்தான் பார்த்தார். போனை அம்மா அறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்திருந்தார்.