பக்கத்து மில்காரரிடம் பொதியைக் கொடுத்துப் பாருங்கள்

கடன் விண்ணப்பங்களோடு வரும் வியாபாரத் திட்டங்களை வாசிப்பது என் தொழில். ‘எமது போட்டி அனுகூலங்கள்’ என்ற பக்கம் வந்ததும் பென்சிலைக் கையில் எடுத்துவிடுவேன். அந்தப் பக்கத்தில் யாரும் வேண்டுமென்று பொய் எழுதுவதில்லை. இன்று தங்களிடம் இருப்பது இரண்டு வருடங்களுக்குப் பின்னரும் தங்களிடம் மட்டுமே இருக்குமா என்று யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள்.

கோண்டாவிலில் இருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். வறுத்துத் திரித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள்தான் சரக்கு. உள்ளூரிலும், ரொறன்ரோ, இலண்டன் தமிழ்க் கடைகளிலும் விற்பது திட்டம். அனுகூலங்கள் என்று ஐந்து எழுதியிருந்தார்கள்: அம்மம்மாவின் பக்குவம், கிலோவுக்கு 150 ரூபா குறைந்த விலை, அழகான பொதி, ‘யாழ்ப்பாணம்’ என்ற பெயர், கடைசியில் ஒரே வரியில், உள்ளூர்ச் செத்தல் மிளகாய்.

பக்குவத்தைச் சோதிக்க நான் அதிகம் மெனக்கெடவில்லை. எனக்குத் தெரிந்த மில்காரர் ஒருவரிடம் பொதியைக் கொடுத்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் தட்டி, மூக்கருகே பிடித்தார். “மல்லி கூட, பெருஞ்சீரகம் கொஞ்சம் தூக்கல், நற்சீரகம், மிளகு, வெந்தயம். கறிவேப்பிலையைத் தனியாக வறுத்திருக்கிறார்கள். நாளைக்கு வாருங்கள், இதேபோலத் தருகிறேன்” என்றார். மறுநாள் தந்தார். தம்பதியின் வீட்டிலேயே நால்வரில் இருவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அம்மம்மாவின் கைமணம் உண்மைதான். வியாபாரத்தில் அதன் ஆயுள் ஒரு நாள். பொதியை அச்சிட்டுக் கொடுத்த கடை அடுத்தவருக்கும் அச்சிட்டுக் கொடுக்கும் என்பதால் அதை அத்துடன் விட்டேன்.

பெயர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இலங்கையில் வியாபாரக் குறியைப் பதிவு செய்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் அது காப்பது நீங்கள் உருவாக்கிய பெயரையும் சின்னத்தையும். உள்ளே இருக்கும் தூளை அது காக்காது. பொருள் விளையும் ஊரின் பெயரை மட்டும் எழுதி ‘இது எனக்கே’ என்றும் கேட்க முடியாது.

விலையில்தான் அதிக நேரம் செலவானது. 150 ரூபா எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “நாங்கள் லாபம் குறைவாக வைக்கிறோம், ஐயா” என்றார் கணவர். கணக்கை விரித்தோம். ஒரு நாளில் 40 கிலோ வறுத்துத் திரிக்கிறார்கள். வறுப்பது அம்மாவும் சித்தியும். இருவருக்கும் சம்பளம் இல்லை. ஆளுக்கு 2,500 ரூபா நாட்கூலி போட்டால் 5,000 ரூபா, அதாவது கிலோவுக்கு 125 ரூபா. ஆக, 150இல் 125 அந்த இரு பெண்களின் கூலி. மிஞ்சுவது 25 ரூபா. உற்பத்தி பெருகி ஆட்களை வைத்த அன்றே இந்த அனுகூலம் கரைந்துவிடும். வளர வளரத் தேயும் ஒன்றின்மேல் வளர்ச்சித் திட்டத்தைக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகளின் திட்டத்தில் தாய்மாரின் உழைப்பு செலவாக வராததை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இப்போதும் கோபம் வருகிறது.

அந்தக் கடைசி வரிக்கு வந்தபோது மனைவி பேசத் தொடங்கினார். இங்கே விற்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. இவர்களோ எட்டு விவசாயிகளுக்கு நடுகைக்கு முன்பே முற்பணம் கொடுத்து, இரண்டு போகங்களாக வாங்குகிறார்கள். மழையில் நிறம் மங்கிய மிளகாயையும் தள்ளாமல் எடுத்திருக்கிறார்கள். “வேறொருவர் கிலோவுக்கு 100 ரூபா கூடக் கொடுத்தால்?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எட்டுப் பேரிடமும் கேட்டு வரச் சொன்னேன். இருவர் கொடுத்துவிடுவோம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். மற்ற ஆறு பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: மங்கிய மிளகாயை வேறு யாரும் எடுக்கவில்லை.

இதை மில்காரரால் ஒரே நாளில் செய்ய முடியாது. முற்பணத்தை நாளைக்கே கொடுக்கலாம். கெட்ட போகம் ஒன்று வந்து, அப்போதும் கைவிடாமல் இருந்தால்தான் அந்த நம்பிக்கை கிடைக்கும். நட்டத்தைத் தாங்கவும் வேண்டும்.

ஆனால் அளவு? ஆளுக்கு 200 கிலோ என்றால் ஆறு பேரிடம் 1,200 கிலோ. தூளில் பாதி மிளகாய் என்று வைத்தால் 2,400 கிலோ தூள். மூன்றாம் ஆண்டு விற்பனை என்று திட்டத்தில் இருந்ததோ 6,000 கிலோ. மீதி 3,600 கிலோவுக்குச் சந்தை மிளகாயைத்தான் வாங்க வேண்டும். அந்தத் தூளுக்கும் மில்காரரின் தூளுக்கும் வித்தியாசம் இல்லை.

பெரிய வறுக்கும் இயந்திரத்துக்குக் கேட்டிருந்த கடனைக் குறைத்து, விவசாயிகளின் முற்பணத்துக்கும் மங்கிய மிளகாயின் நட்டத்துக்கும் பணம் ஒதுக்கித் திட்டத்தைத் திருப்பி எழுதினார்கள். மூன்றாம் ஆண்டு விற்பனை 2,400 கிலோ என்று மாறியது. அம்மாவுக்கும் சித்திக்கும் சம்பளம் செலவுக் கணக்கில் சேர்ந்தது. கணவருக்கு முகம் வாடியது. மனைவி ஏழாவது விவசாயியைத் தேடி நீர்வேலிப் பக்கம் போயிருப்பதாகக் கேள்வி.