குறைந்த ஏற்ற இறக்கம், நல்ல தரம்: விதிப்படி பங்குக் கூடை கட்டும்போது எங்கே சறுக்கும்?

விலை அதிகம் ஆடாத பங்குகளை எடு, அவற்றில் நல்ல நிறுவனங்களை மட்டும் வைத்துக்கொள், ஷார்ட் அடிக்காமல் வாங்கி வைத்திரு. விதி இவ்வளவுதான் என்று பலரும் ஒரே நாளில் எக்செலில் கூடையைக் கட்டிவிடுகிறார்கள். ஏற்ற இறக்கப்படி வரிசைப்படுத்தினால் பட்டியலின் உச்சியில் வந்து உட்காரும் நான்கைந்து பங்குகள்தான் பெரும்பாலும் கூடையில் இருக்கவே கூடாதவை. சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சந்தை மதிப்பில் பெரிய 300 பங்குகள் நம் களம். கூடையில் 30 பங்குகள். காலாண்டுக்கு ஒருமுறை ரீபேலன்ஸ். ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட, கடைசி 252 வர்த்தக நாட்களின் தினசரி மாற்றங்களுக்குத் திட்ட விலக்கம் கண்டு, 252-இன் வர்க்கமூலத்தால் பெருக்குகிறோம். பங்குப் பிரிப்புக்கும் டிவிடெண்டுக்கும் சரிசெய்த விலையைத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றுக்கு இரண்டாகப் பங்கு பிரிந்த நாளில் விலை பாதியானதாகக் கணக்கு காட்டும். நல்ல பங்கு காரணமே இல்லாமல் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

இப்போது அந்த உச்சியைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தைப் பங்குக்கு 100 ரொக்கம் கொடுத்து வாங்குவதாக இன்னொரு நிறுவனம் அறிவித்துவிட்டது என்று வையுங்கள். அன்றிலிருந்து விலை 98-க்கும் 99-க்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அறிவிப்பு நாளின் தாவல் 252 நாள் கணக்கை விட்டு வெளியேறியதும் அதன் ஆண்டு ஏற்ற இறக்கம் 4% என்றுகூடக் காட்டலாம். ஒப்பந்தம் முறிந்தால் விலை ஒரே நாளில் பழைய இடத்துக்கு இறங்கும். நிறைவேறினால் மேலே கிடைக்க ஒன்றிரண்டு ரூபாய்தான். இதை எந்தச் சூத்திரமும் தானாகக் கண்டுபிடிக்காது. கையகப்படுத்தல் அறிவிப்பு நிலுவையில் உள்ள பங்குகள் நீக்கப்படும் என்று விதியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது, வர்த்தகமே சரியாக நடக்காத பங்கு. நேற்றைய விலையே இன்றும் திரும்ப வருவதால் மாற்றம் பூஜ்யமாகி, ஏற்ற இறக்கம் குறைவாகத் தெரிகிறது. செய்தி வந்தாலும் விலை நான்கைந்து நாள் கழித்துத்தான் நகரும். அதனால் இதைப் பிடிக்க நல்ல வழி, தினசரி மாற்றத்தில் வரும் எண்ணையும் ஐந்து நாள் மாற்றத்தில் வரும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது:

```python
lp = np.log(price)
d = lp.diff().iloc[-252:]
w = lp.diff(5).iloc[-252::5]
vol_d = d.std() * 252**0.5
vol_w = w.std() * (252/5)**0.5
zero = (d == 0).mean()
```

ஒழுங்காக வர்த்தகமாகும் பங்கில் `vol_d`, `vol_w` இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வாராந்திர எண் ஒன்றரை மடங்குக்கு மேல் போனாலோ, மாற்றமே இல்லாத நாட்கள் பத்து விழுக்காட்டைத் தாண்டினாலோ நீக்கிவிடலாம். இந்த எல்லைகளை அவரவர் சந்தைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லையே வைக்காமல் விடக் கூடாது.

இப்படிச் சுத்தம் செய்த பிறகு, ஏற்ற இறக்கம் குறைந்த 120 பங்குகளை எடுத்து, அவற்றில் தரம் குறைந்த பாதியைக் கழித்தால் 60 மிஞ்சும். கூடைக்கான 30 பங்குகளை இந்த 60-இல் இருந்து, ஏற்ற இறக்கம் குறைந்த வரிசையில் எடுக்கிறோம். தரத்தை மோசமானவற்றை வெளியேற்றப் பயன்படுத்துவதே நல்லது என்பது எங்கள் கருத்து. கணக்குப் புத்தக எண்களை வைத்து முதல் தரத்தையும் பத்தாவது தரத்தையும் பிரித்துச் சொல்வது கடினம்; மோசமானதை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமல்ல.

தரத்துக்குப் பலரும் முதலில் எடுப்பது பங்கு மூலதனத்தின் மீதான வருவாய், அதாவது ஆர்ஓஇ. அதை மட்டும் நம்பினால் இரண்டு இடங்களில் ஏமாறுவோம். தொடர் நஷ்டத்தால் நிகர மதிப்பு கழித்தல் 50 ஆகிவிட்ட நிறுவனம் இந்த ஆண்டும் 20 நஷ்டம் காட்டினால், கழித்தலைக் கழித்தல் வகுத்து ஆர்ஓஇ 40% என்று வரும்! நிகர மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கணக்கிடாமலே நீக்க வேண்டும். இன்னொன்று கடன். மூலதனம் 100, லாபம் 20 உள்ள நிறுவனத்தின் ஆர்ஓஇ 20%. அதே நிறுவனம் 5% வட்டிக்கு 60 கடன் வாங்கித் தன் பங்குகளையே திரும்ப வாங்கினால், வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், லாபம் 17, மூலதனம் 40, ஆர்ஓஇ 42.5%. தொழிலில் எதுவும் மாறவில்லை, ஆபத்து மட்டும் ஏறியிருக்கிறது. கடனையும் சேர்த்த மொத்த மூலதனத்தின் மீதான வருவாயைப் பார்த்தால் இந்த ஏமாற்றம் இல்லை.

இதோடு சேர்க்க வேண்டியது ரொக்கச் சோதனை. நிகர லாபம் 50, ஆனால் தொழிலில் இருந்து வந்த ரொக்கம் 10 என்றால், மீதி 40 வசூலாகாத பில்லிலோ விற்காத சரக்கிலோ இருக்கலாம். மொத்தச் சொத்து 400 என்றால் இடைவெளி 10%. இந்த விகிதம் அதிகமுள்ளவை பின்னுக்குப் போகட்டும். வங்கிகளுக்கு மேலே சொன்ன கடன், ரொக்க அளவுகோல்கள் பொருந்தாது. அவற்றுக்குத் தனி விதி வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

தவறான பங்கு ஒன்று உள்ளே வந்தால் எவ்வளவு கெடும் என்பது எடையிடும்போதுதான் தெரியும். வழக்கமான முறை, ஏற்ற இறக்கத்தின் தலைகீழ் விகிதத்தில் எடை கொடுப்பது. 12%, 16%, 24% உள்ள மூன்று பங்குகள் என்றால் எடை முறையே 44.4, 33.3, 22.2 விழுக்காடு. இதில் அந்த 4% பங்கு நுழைந்தால் அது ஒன்றே 57.1 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். 30 பங்குக் கூடையில் விளைவு இவ்வளவு மோசமாக இருக்காது, ஆனால் சாயும் திசை அதேதான். ஒரு பங்குக்கு 5%, ஒரு துறைக்கு 25% என்று உச்சவரம்பு வையுங்கள். துறை வரம்பு ஏன் என்றால், இந்த வடிகட்டி மின்சாரம், குடிநீர், அன்றாட நுகர்பொருள் பக்கமே சாயும். வட்டி விகிதம் ஏறும் காலத்தில் அவை சேர்ந்தே அடிவாங்கக்கூடும்.

ரீபேலன்ஸில் பணம் கசியும் இடம் முப்பதாவது இடத்தின் ஓரம். இந்தக் காலாண்டு 29-ஆவது இடம், அடுத்து 32, பிறகு 28. கறாராக முதல் முப்பதையே பிடித்தால் ஒரே பங்கை விற்று மறுபடி வாங்குவோம், ஒவ்வொரு முறையும் தரகும் வரியும் கட்டுவோம். மிஞ்சிய 60-இல் முதல் 20 இடங்களில் உள்ளவை கட்டாயம் உள்ளே. மீதிப் பத்து இடங்களுக்கு, ஏற்கெனவே கையில் இருப்பவற்றில் 45-ஆம் இடத்துக்குள் உள்ளவற்றுக்கு முன்னுரிமை. அதற்குப் பிறகும் இடம் காலியாக இருந்தால் மட்டுமே வரிசையில் அடுத்த புதிய பங்கு. இவ்வளவு செய்தாலே ஓரத்துப் பங்குகளின் வீண் போக்குவரத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

விதியைப் பழைய தரவில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டில் கவனிக்க வேண்டியது தேதி. நிதியாண்டு முடிந்த நாளன்று அந்த ஆண்டின் லாபம் யாருக்கும் தெரியாது. முடிவு வெளியான பிறகுதான் தெரியும். முந்தைய தேதியில் அந்த எண்ணைப் பயன்படுத்தியிருந்தால் பேக்டெஸ்ட் காட்டும் லாபம் பொய். அதேபோல, 300 பங்குகளின் பட்டியலும் அந்தந்தக் காலத்தில் இருந்ததாக இருக்க வேண்டும். இன்றைய பட்டியலை வைத்தால் மூடிப்போன நிறுவனங்கள் கணக்கிலேயே வராது.

இந்தக் கூடை நஷ்டத்தைத் தடுக்காது. சந்தை நகரும்போது கூடை எவ்வளவு நகரும் என்று காட்டும் பீட்டா 0.7 என்றால், சந்தை 30% விழும்போது இது 21% அளவுக்கு விழுவதுதான் எதிர்பார்க்க வேண்டியது. சந்தை 30% ஏறும் ஆண்டிலும் அதே கணக்குப்படி பின்தங்கும். அப்போது விதி பழுதாகிவிட்டது என்று மாற்றாதீர்கள். பீட்டா 0.7-இல் இருந்து 1-ஐ நோக்கி நகர்ந்தாலோ, 21-க்குப் பதில் 30-ஐ ஒட்டி விழுந்தாலோதான் வடிகட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் எடை அதிகமுள்ள ஐந்து பங்குகளில் இருந்து தொடங்குங்கள்.