நாடா கறுத்துவிட்டால் போதுமா?

எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஊசிகள் குத்துப்படாத வெள்ளை டப்பாவுக்கும், குழாய்களும் கையுறைகளும் சிவப்புப் பைக்கும், கண்ணாடிப் பொருட்கள் நீலப் பெட்டிக்கும் போகின்றன. இதில் பெரிதாகத் தவறு நேர்வதில்லை. கவலை தருவது கிருமி வளர்ந்த கல்ச்சர் தட்டுகள்தான். மருத்துவக் கழிவு விதிகளின்படி (2016) இவற்றை ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பிறகுதான் மஞ்சள் பையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை வழக்கமான வாரச் சோதனைக்காக, ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற, வெப்பத்தை எளிதில் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய மூன்று குப்பிகளை, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் கழிவுப் பைகளுக்கு நடுவே வைத்தோம். அவற்றில் ஒன்று, நீராவி நுழைய மிகவும் சிரமப்படும் அடிப்பகுதிப் பையின் மையத்தில் இருந்தது. நான்காவது குப்பியை ஒப்பீட்டுக்காக வெளியிலேயே விட்டோம். 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ அழுத்தம், 60 நிமிடம் என்று சுழற்சி முடிந்தது. பைகளின் வெளியே ஒட்டிய, சூடேறினால் கறுக்கும் நாடாவின் கோடுகள் நன்றாகக் கறுத்திருந்தன.

குப்பிகள் ஆறியதும் உள்ளிருக்கும் வளர்ப்பு ஊடகக் குழலை நசுக்கி, நான்கையும் 56 டிகிரி இன்குபேட்டரில் வைத்தோம். வித்துகள் உயிரோடிருந்தால் ஊடகத்தின் ஊதா நிறம் மஞ்சளாக மாறும். மறுநாள் காலையில் இரண்டு குப்பிகள் ஊதாவாகவே இருந்தன. வெளியில் விட்ட குப்பி மஞ்சளாகியிருந்தது. அது மஞ்சளாகாவிட்டால் வித்துகளே உயிரற்றவை என்று பொருள், சோதனையும் செல்லாது. ஆனால் அடிப்பையில் வைத்த குப்பியும் மஞ்சளாகியிருந்தது. அங்கே வித்துகள் பிழைத்திருந்தன.

காரணத்தைத் தேடியபோது இயந்திரத்தில் பழுது எதுவும் தெரியவில்லை. பையை விளிம்பு வரை தட்டுகளால் நிரப்பி, சிந்திவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் உதவியாளர் வாயை ரப்பர் பேண்டால் இறுகக் கட்டியிருந்தார். உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியில்லாததால் நீராவி தட்டுகளைத் தொடவே இல்லை. அறையின் வெப்பமானி காட்டியது அறையின் வெப்பத்தை மட்டுமே. பையின் நடுவில் இருந்ததை அது அறியாது. வெளியே ஒட்டிய நாடாவும் அப்படித்தான், தான் இருந்த இடம் சூடேறியதை மட்டுமே சொல்லும்.

இப்போது பையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. வாயைத் தளர்த்தி, விரலளவு திறப்பு விட்டு, பைகளுக்கிடையே இடைவெளியோடு அடுக்குகிறோம். இந்த முறையில் மூன்று சுழற்சிகள் தொடர்ந்து சோதித்து, அடிப்பையின் குப்பியும் ஒவ்வொரு முறையும் ஊதாவாகவே நின்ற பிறகுதான் பழைய வேகத்துக்குத் திரும்பினோம். சோதனைச் சுழற்சியின் பைகள் முடிவு வரும் வரை தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். குப்பி மஞ்சளானால் அன்றைய பைகள் அனைத்தும் மீண்டும் ஆட்டோகிளேவுக்கே போகும். ஊதாவா மஞ்சளா என்பதைப் பதிவேட்டில் குப்பியின் தொகுதி எண்ணோடு எழுதுகிறோம், ஒப்பீட்டுக் குப்பியின் முடிவையும் சேர்த்து.