நேரச் சிக்கலா, நேரச் செலவா?

முதல் டெக்னிக்கல் ரவுண்டுக்குத் தயாராகும் தம்பி ஒருவன் போன வாரம் என் முன்னால் உட்கார்ந்து, கோடு எழுதிக்கொண்டே வாய்விட்டு விளக்கிப் பார்த்தான். "அண்ணா, இதோட நேரச் சிக்கல் ஓ ஆஃப் என். விண்வெளிச் சிக்கலும் ஓ ஆஃப் என்." ராக்கெட்டா விடுகிறோம்? நினைவகத்தில் பிடிக்கும் இடத்தைத்தான் சொல்கிறான். ஸ்பேஸ் கம்ப்ளெக்சிட்டியில் வரும் ஸ்பேஸுக்கு யாரோ அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

டைம் கம்ப்ளெக்சிட்டியைத்தான் 'நேரச் சிக்கல்' என்கிறார்கள். கம்ப்ளெக்சிட்டி என்பதன் லத்தீன் வேருக்குப் பின்னுதல் என்று பொருள். அந்த வேரைப் பார்த்தால் 'சிக்கல்' சரிதான். ஆனால் 1965இல் கணினி அறிவியலாளர்கள் ஹார்ட்மானிசும் ஸ்டெர்ன்சும் எழுதிய கட்டுரை அளந்தது பின்னலை அல்ல, கணக்கு பெரிதாகப் பெரிதாக எத்தனை படிகள் ஆகும் என்பதை. அது செலவுக் கணக்கு. 'சிக்கல்தன்மை' என்றதும் கோடு புரியக் கடினமா என்றுதான் மனம் போகிறது. தம்பிக்கும் அதுதான் நடந்தது. nums லிஸ்டில் ஏதாவது இரண்டு எண்களைக் கூட்டினால் target வருமா என்று பார்க்கும் கணக்குக்கு அவன் ஃபங்ஷனுக்குள் எழுதியது இது:

```python
seen = []
for x in nums:
    if target - x in seen:
        return True
    seen.append(x)
return False
```

"ஒரே லூப்தான், சிக்கலே இல்லை" என்றான். பார்வைக்கு இல்லைதான். செலவு `in` என்ற இரண்டெழுத்தில் ஒளிந்திருக்கிறது. `seen` லிஸ்ட் என்பதால், ஜோடி கிடைக்காதபோது ஒவ்வொரு தேடலும் அதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கும். 10,000 எண்கள் என்றால் மொத்தம் 4,99,95,000 ஒப்பீடுகள். லூப்புக்குள் லூப் போட்டு எல்லா ஜோடிகளையும் பார்த்தாலும் அதே எண்ணிக்கைதான். ஆகவே O(n²).

'நேரச் செலவு' என்று சொல்லிப் பழகியவன் லூப்களை எண்ணுவதோடு நிற்க மாட்டான். "லூப் n தடவை சுற்றும், ஒரு சுற்றுக்கு என்ன செலவு?" என்று அவன் வாயே கேட்டுவிடும். செலவு என்றால் நொடிக்கணக்கு ஆகிவிடாதா என்று சிலர் மறுப்பார்கள். நொடி எந்திரத்துக்கு எந்திரம் மாறும்; O சொல்வது அந்தச் செலவு வளரும் விதத்தை. வீட்டுச் செலவு வருஷா வருஷம் எப்படி ஏறுகிறது என்று பேசுகிறோமே, அது போல.

முதல் வரியை `seen = set()` என்றும், `append` இருந்த இடத்தில் `add` என்றும் மாற்றச் சொன்னேன். தேடல் இப்போது சராசரியாக O(1), மொத்தம் O(n).

"ரவுண்டுல இங்கிலீஷ்லதானேண்ணா பேசணும்?" என்றான். பேசட்டும், மண்டைக்குள் செலவு ஓடினால் போதும். இடத்துக்கு என்ன சொல்வாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "ஜோடியே இல்லைன்னா எல்லா எண்ணும் செட்டுக்குள்ள போகும். அதனால இடச் செலவு ஓ ஆஃப் என். nums அவங்க குடுத்தது, அதை நான் கணக்குல சேர்க்கலை."