அயோடின் தட்டில் தெரியும் வெளிர் வட்டத்தை நம்புவதற்கு முன்

கரு நீக்கிய அரைப் பார்லி மணியை, மாவுச்சத்தும் ஜிப்ரலின் என்ற தாவர ஹார்மோனும் கலந்த அகாரின் மேல் வெட்டுமுகம் கீழே படும்படி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அயோடின் ஊற்றுகிறோம். தட்டு முழுக்க நீலம் ஏறுகிறது. மணி இருந்த இடத்தில் மட்டும் நிறமில்லாத ஒரு வட்டம் நிற்கிறது. செய்முறைக் குறிப்பேட்டில் உடனே எழுதப்படும் வாக்கியம், "ஜிப்ரலின் அல்யூரோன் அடுக்கைத் தூண்டி அமைலேஸ் சுரக்கச் செய்தது" என்பது. ஆனால் அந்த வட்டம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் இருந்த மாவுச்சத்தை ஏதோ ஒன்று வெட்டியிருக்கிறது. வெட்டியது யார் என்பதை வட்டம் சொல்லாது.

தானிய மணியின் அமைப்பைப் பார்த்தால் இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பது விளங்கும். மணியின் பெரும்பகுதி கருவூண் திசு. முதிர்ந்த மணியில் அதன் செல்கள் இறந்துவிட்டவை. மாவுச்சத்து மணிகள் நிரம்பிய பைகள் என்றே அவற்றைச் சொல்லலாம். சேமிப்பு அங்கே இருக்கிறது, அதை உடைக்கும் நொதியைப் புதிதாகச் செய்ய அங்கே உயிருள்ள செல் இல்லை. அந்த வேலையைச் செய்வது கருவூணைப் போர்த்தியிருக்கும் அல்யூரோன் அடுக்கு. கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் அது ஒரே செல் தடிமன். பார்லியில் மூன்று செல் தடிமன். இந்தச் சோதனைக்குப் பார்லியையே எல்லோரும் எடுப்பதற்கு அந்தத் தடிமனும் ஒரு காரணம்.

மணி நீர் குடித்ததும் கரு ஜிப்ரலினை உண்டாக்கி வெளியே விடுகிறது. அது அல்யூரோன் செல்லை அடைந்து, ஜி.ஐ.டி.1 என்ற ஏற்பியில் போய் உட்காருகிறது. இங்கே நடப்பதை 'ஸ்விட்ச் போடுவது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பிரேக்கை எடுப்பது. டெல்லா என்ற புரதம் அதுவரை அமைலேஸ் மரபணுவைப் பேசவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். ஜிப்ரலின் அமர்ந்த ஏற்பி டெல்லாவைப் பிடித்துக்கொண்டால், செல்லே டெல்லாவுக்கு அடையாளம் குத்தி அழித்துவிடுகிறது. தடை நீங்கியதும் ஜி.ஏ.மிப் என்ற புரதம் உருவாகி, ஆல்ஃபா அமைலேஸ் மரபணுவின் முன்பகுதியைப் பற்றி அதை இயக்குகிறது. இத்தனை படிகள் இருப்பதால்தான் ஜிப்ரலின் கொடுத்த உடனே நொதி வருவதில்லை. தனியே உரித்தெடுத்த அல்யூரோன் அடுக்கில்கூட ஏறத்தாழ 8 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கருவுக்குப் பதிலாக ஜிப்ரலினையே கொடுத்தால் போதும் என்பதை 1960இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் தனித்தனியாகக் கண்டார்கள். ஆனால் நொதி முன்பே இருந்து விழித்துக்கொள்கிறதா, புதிதாகக் கட்டப்படுகிறதா என்ற சந்தேகம் தொடர்ந்தது. 1967இல் ஃபில்னரும் வார்னரும் கனமான ஆக்சிஜன் கொண்ட நீரில் அல்யூரோனை வைத்துப் பார்த்தார்கள். சேமிப்புப் புரதம் நீரால் உடையும்போது அந்தக் கன ஆக்சிஜன் அமினோ அமிலங்களில் ஏறும். அவற்றைக் கொண்டு கட்டிய அமைலேஸும் அடர்த்தி கூடியதாக வந்தது. பழைய நொதி விழித்திருந்தால் எடை மாறியிருக்காது.

இனி தட்டு. 100 மில்லி நீருக்கு 1.5 கிராம் அகார், 0.2 கிராம் கரையும் மாவுச்சத்து, 147 மில்லிகிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். கால்சியத்தின் செறிவு இதனால் 10 மில்லிமோலார் ஆகிறது. ஆல்ஃபா அமைலேஸ் கால்சியம் இல்லாமல் நிலைத்து நிற்காது. அதனால் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிட்ரேட், பாஸ்பேட் பஃபர்களை இங்கே தவிர்ப்பது நல்லது. பஃபர் வேண்டுமென்றால் அசிட்டேட் போதும்.

ஜிப்ரலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 346. எனவே 34.6 மில்லிகிராமைச் சில துளி எத்தனாலில் கரைத்து 100 மில்லியாக்கினால் 1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 0.1 மில்லியை 100 மில்லி அகாருக்குச் சேர்த்தால் 1 மைக்ரோமோலார். இந்த அளவே தாராளம். ஜிப்ரலின் சேர்க்காத தட்டுக்கும் அதே அளவு எத்தனால் கலந்த நீரைச் சேர்க்க வேண்டும். கவனிக்க வேண்டியது எப்போது சேர்க்கிறோம் என்பதைத்தான். ஆட்டோகிளேவின் சூட்டில் ஜிப்ரலிக் அமிலம் சிதையும். கிருமி நீக்கிய அகார் 50 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகு, வடிகட்டிக் கிருமி நீக்கிய கரைசலைக் கலக்க வேண்டும்.

மணியை வெட்டுவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். உலர்ந்த பார்லி கடினமானது. ஓர் இரவு ஊறவைத்து வெட்டினால் கத்தி எளிதாக இறங்கும். அப்படி ஊறவைத்த கணமே சோதனை கெட்டுவிடுகிறது. ஊறும் நேரத்தில் கரு தன் ஜிப்ரலினை அனுப்பத் தொடங்கிவிடும். பிறகு கருவை வெட்டி எறிந்தாலும் அல்யூரோனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். ஜிப்ரலின் கொடுக்காத தட்டிலும் வட்டம் விழும். ஆகவே உலர்ந்த நிலையிலேயே, நடுவில் அல்லது கருவிலிருந்து சற்றுத் தள்ளிக் குறுக்காக வெட்டுங்கள். வெட்டிய பிறகு 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 20 நிமிடம், கிருமி நீக்கிய நீரில் நான்கைந்து முறை அலசல், பிறகு ஈரமான கிருமி நீக்கிய வடிதாளில் ஒரு நாள். அதற்கு அப்புறமே தட்டுக்குப் போக வேண்டும். 25 டிகிரியில், இருட்டில், 48 மணி நேரம்.

ஐந்து வகைத் தட்டு இருந்தால் முடிவைப் படிக்க முடியும். முதலாவது, கருவில்லாத அரைமணி, ஜிப்ரலின் இல்லை. இரண்டாவது, கருவில்லாத அரைமணி, 1 மைக்ரோமோலார் ஜிப்ரலின். மூன்றாவது, இரண்டாவதைப் போலவே, கூடவே 10 மைக்ரோமோலார் அப்சிசிக் அமிலம். நான்காவது, கரு உள்ள அரைமணி, ஜிப்ரலின் இல்லை. ஐந்தாவது, கொதிநீரில் 10 நிமிடம் வெந்த கருவில்லாத அரைமணி, ஜிப்ரலினுடன். தட்டுக்குப் பத்து அரைமணி வையுங்கள். அப்சிசிக் அமிலம் விதையை உறக்கத்தில் வைக்கும் ஹார்மோன்; அது அல்யூரோனில் ஜிப்ரலினின் வேலையைத் தடுக்கும். மூன்றாவது தட்டில் வட்டம் சுருங்கினாலோ மறைந்தாலோ, இரண்டாவதில் வெட்டியது உயிருள்ள அல்யூரோன்தான் என்பதற்கு அது வலுவான சாட்சி. நுண்ணுயிருக்கு அப்சிசிக் அமிலம் ஒரு பொருட்டல்ல.

அயோடின் கரைசலுக்கு 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் கொஞ்சம் நீரில் கரைத்து, அந்த அடர்த்தியான கரைசலிலேயே 0.2 கிராம் அயோடினைக் கரைத்த பிறகு 100 மில்லியாக்க வேண்டும். நேரே நீரில் போட்டால் அயோடின் கரையாமல் அடியில் கிடக்கும். மணிகளை எடுத்துவிட்டு ஊற்றி, ஒரு நிமிடத்தில் வடித்துவிட்டு, உடனே அளந்துவிடுங்கள். நீலம் நேரம் ஆக ஆக மங்கும்; மங்கிய தட்டில் வட்டத்தின் விளிம்பு எங்கே என்பது கண்ணுக்கு ஏற்ப மாறும்.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது தட்டில் பத்துக்குப் பத்தும் வட்டம். முதல் தட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் அதன் பத்து அரைமணிகளில் நான்கில் இருக்கிறது. "பின்னணி அளவு" என்று சொல்லிக் கழித்துவிடுவது எளிது, செய்யக் கூடாததும் அதுதான். அந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வட்டம் மணியை மையமாகக் கொள்ளாமல் ஒரு பக்கம் கோணலாகவோ, மணிக்குத் தொலைவில் தனிப் புள்ளியாகவோ இருந்தால், அயோடின் ஊற்றும் முன் அங்கே பளபளப்பான படலமோ பூஞ்சை நூலோ இருந்ததா என்று பாருங்கள். பல பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தாமே அமைலேஸைச் சுரக்கும். பேசில்லஸ் இதில் கைதேர்ந்தது; அதன் வித்துகள் கொதிநீரையும் தாங்கும் என்பதால், வெந்த மணி வைத்த ஐந்தாவது தட்டிலும் வட்டம் விழ வாய்ப்புண்டு. ஐந்தாவதில் வட்டம் தெரிந்தால் ஹார்மோனைப் பற்றிய பேச்சையே அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். அகாரில் மில்லிக்கு 10 மைக்ரோகிராம் குளோராம்பெனிகால் சேர்ப்பது பாக்டீரியாவை அடக்க உதவும். அல்யூரோன் செல்லின் சைட்டோபிளாச ரைபோசோம்களை அது தடுப்பதில்லை என்பதால் அமைலேஸ் உற்பத்தி நிற்காது. பூஞ்சைக்கு அது பயன்படாது.

வட்டம் மணிக்கு அடியிலேயே இருந்து, முழுக்க நிறமற்றதாக இல்லாமல் ஊதாவாகவோ செம்பழுப்பாகவோ தெரிந்தால் ஆள் வேறு. அது பீட்டா அமைலேஸ். மணி முதிரும்போதே கருவூணில் சேர்ந்துவிடும் இந்த நொதிக்கு ஜிப்ரலின் தேவையில்லை. வெட்டுமுகத்திலிருந்து அப்படியே கசியும். அது மாவுச்சத்துச் சங்கிலியின் முனையிலிருந்து மால்டோஸைக் கடித்துக்கொண்டே வந்து, கிளை பிரியும் இடத்தில் நின்றுவிடும். மீதமாகும் டெக்ஸ்ட்ரின் அயோடினுடன் இந்த நிறத்தைத் தரும். ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியின் நடுவிலேயே வெட்டும், நிறம் போய்விடும். நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், அதே நிலையில் வைத்த வேறு சில அரைமணிகளை கால்சியம் கலந்த பஃபரில் அரைத்து, தெளிந்த நீரை 70 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். பீட்டா அழியும், கால்சியம் உள்ளவரை ஆல்ஃபா தாங்கும். சூடாக்கிய சாறும் மாவுச்சத்தின் நீலத்தைப் போக்கினால் ஆல்ஃபாதான்.

முதல் தட்டின் அந்த நான்கு வட்டங்களில் மீந்தவை நிறமற்று, மணியை ஒட்டி, சுத்தமாக இருந்தால் வெட்டைத் திரும்பிப் பாருங்கள். லென்ஸின் கீழ், வெட்டுமுகத்தின் ஓரத்தில் மஞ்சள் சாயலில் கருவின் துணுக்கு ஒட்டியிருக்கலாம். இல்லையென்றால் அந்தத் தொகுதி மணியே வயலில் மழையில் நனைந்து முளைக்கத் தொடங்கிப் பிறகு காய்ந்ததாக இருக்கும். வெளியே முளை தெரியாமலே உள்ளே அமைலேஸ் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட தொகுதியை எத்தனை கவனமாக வெட்டினாலும் முதல் தட்டு சுத்தமாக வராது. தொகுதியை மாற்றுவதுதான் வழி.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இரண்டாவது தட்டில் ஒன்றுமே இல்லை, நான்காவதில் வட்டம் இருக்கிறது என்றால், மணி நன்றாகத்தான் இருக்கிறது. ஜிப்ரலின் சூட்டில் போயிருக்கிறது. இரண்டிலுமே இல்லை என்றால் மணியைச் சந்தேகியுங்கள். கஞ்சிக்கென்று விற்கும் தீட்டிய பார்லியில் உமியோடு அல்யூரோனும் பெரும்பாலும் போயிருக்கும், கருவும் போயிருக்கும். எத்தனை ஜிப்ரலின் கொடுத்தாலும் பதில் சொல்ல அங்கே செல் இல்லை. நான்காவது தட்டை இன்னொரு காரணத்துக்காகவும் பொறுமையாகப் படிக்க வேண்டும். கருவில் கருவூணை ஒட்டியிருக்கும் ஸ்குடெல்லம் என்ற பகுதியும் தன் பங்குக்குக் கொஞ்சம் அமைலேஸைச் சுரக்கும். அங்கே தெரியும் வட்டத்தை முழுக்க அல்யூரோன் கணக்கில் எழுதிவிட முடியாது. அல்யூரோனுக்கான சாட்சி இரண்டாவது தட்டும் மூன்றாவது தட்டும் சேர்ந்து தருவதுதான்.